வீட்டுக் கடனும் விட்டுப்போன வாரிசும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: சமயநல்லூரில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் 1998-ல் இறந்துவிட்டார். அவருடைய தாயார் 2006 வரை உயிரோடு இருந்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வரும் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் வங்கி வக்கீல், இறந்தவரின் தம்பியும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். அவர்களுக்கு இதில் என்ன பாத்தியதை?

பதில்: வக்கீல் கேட்பது சரி. இறந்தவரின் தாயார் 2006 வரை உயிரோடு இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறக்கும் ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சம பங்கு உண்டு. பலரும் தாயை மறந்துவிடுகிறார்கள். வீட்டை 15 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வாரிசுகள் ஐந்து பேர், ஆளுக்கு 3 பங்கு. 2006-ல் தாயும் உயில் இல்லாமல் இறக்கிறார். அவருடைய 3 பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்: தம்பிக்கு 1, தங்கைக்கு 1, முன்பே இறந்த மூத்த மகனின் பங்கான 1 அவருடைய மூன்று பிள்ளைகளுக்கு. (தாயின் கணவர் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு சேரும், கணக்கு மாறும்.) ஆக, நால்வரும் சேர்ந்து விற்றாலும் உங்களுக்கு வருவது 13 பங்குதான். மீதி 2 பங்குக்காரர்கள் நாளைக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அடமானம் வாங்கிய வங்கியும் அந்த வழக்கில் மாட்டும். அதனால்தான் பணத்தை நிறுத்தி வைக்கிறார்கள்.

தீர்வு கஷ்டமில்லை. தம்பியும் தங்கையும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். அல்லது உங்கள் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேரலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். தனிப் பத்திரச் செலவு மிச்சம். அவர்களில் யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். கையெழுத்துக்கு அவர்கள் சம்மதிக்கும் வரை மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பழைய சொத்து பார்க்கிற எல்லோரும் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: "உங்க அப்பா இறந்தப்ப உங்க பாட்டி இருந்தாங்களா?" பதில் எதுவானாலும் இருவரின் இறப்புச் சான்றையும் வாங்கித் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் பாட்டி பெயர் விட்டுப்போயிருந்தாலும் அவர் பங்கு போய்விடாது. இந்தக் கணக்கு இந்துக்களுக்கு மட்டும். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

கேள்வி: 30 வருட வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரில் இருக்கிறது. அப்புறமும் ஏன் வாரிசுச் சான்று? (மேலூர்)

பதில்: வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். ஒருவர் இறந்ததும், அந்த நிமிடமே சொத்து வாரிசுகளுக்குப் போனதும் அதில் வராது. பதிவு செய்யாத உயிலும் வராது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அண்ணன் பெயரில் மாற்றியதால் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. தங்கைக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்று வாயால் சொல்வதையும் எந்த வங்கியும் ஏற்காது. பதிவான பத்திரம் வேண்டும்.

கேள்வி: திருமங்கலத்தில் ஒரு வீடு. அப்பா இறந்தபின் 2009-ல் தாயார் தனக்கும் மைனர் மகனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். கோர்ட் அனுமதி இல்லை. இப்போது அதை வாங்கினால் கடன் கிடைக்குமா?

பதில்: அந்தப் பையனின் வயதைப் பொறுத்தது. மைனருக்குச் சொந்தமான பங்கைத் தாயே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத கிரயத்தை அவர் 18 வயதானபின் 3 வருடத்துக்குள் ரத்து செய்யக் கோரலாம். 2009-ல் அவருக்கு 10 வயது என்றால், 2020-ல் 21 முடிந்து கெடு தாண்டிவிட்டது. வயதுக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ கொடுத்தால் போதும் என்பார்கள் பல வக்கீல்கள். சிலர் அப்போதும், 2009 கிரயத்தை ஒப்புக்கொள்வதாக அவரிடம் உறுதிப் பத்திரம் கேட்பார்கள். 2009-ல் அவர் 2 வயதுக் குழந்தை என்றால், கெடு 2028 வரை ஓடும். அப்படியானால் அவர் கையெழுத்துப் போட்ட உறுதிப் பத்திரம் இல்லாமல் வாங்காதீர்கள்.