லென்சு சூத்திரத்தில் காணாமல் போகும் மைனஸ்: காதால் படிப்பவனுக்கு நோட்ஸ் எழுதும் முறை

கேள்வி: அக்கா மகன் பத்தாவது, தமிழ் மீடியம். முழுப் பார்வையிழப்பு. லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறான். ஒளியியல் ரிவிஷன் நோட்ஸை வேர்டில் டைப் செய்து தருகிறேன். பாடம் புரிகிறது, சூத்திரமும் படமும் வந்தால் தடுமாறுகிறான். எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்?

பதில்:

தடுமாற்றம் அவனிடம் இல்லை, பெரும்பாலும் உங்கள் கீபோர்டில் இருக்கும் ஹைஃபனில் இருக்கிறது. லென்சு சூத்திரத்தை இப்படித்தான் டைப் செய்திருப்பீர்கள்:

```
1/f = 1/v - 1/u
```

என்விடிஏவில் நிறுத்தக்குறிகளைப் படிக்க நான்கு அளவுகள் உண்டு. மாற்றாமல் விட்டால் "சில" என்ற அளவில் நிற்கும். அந்த அளவில் கூட்டலும் சமமும் ஒலிக்கும். இருபுறமும் இடைவெளி விட்ட ஹைஃபன் ஒலிக்காது, அடைப்புக்குறியும் ஒலிக்காது. அவன் காதில் விழுவது "1/f சமம் 1/v 1/u", அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் கோளக ஆடியின் சூத்திரம் 1/f = 1/u + 1/v என்று வருகிறது. இரண்டுக்கும் வேறுபாடே அந்த ஒரு குறிதான், அதுவே விழுந்துவிடுகிறது. இதில் இன்னொரு வம்பு: -30 என்று எண்ணோடு ஒட்டிய ஹைஃபனைப் பெரும்பாலும் மைனஸ் என்று சொல்லிவிடும். ஓரிடத்தில் சொல்லி ஓரிடத்தில் விடுவதால், எதையோ தவறவிட்டோம் என்ற சந்தேகம்கூட அவனுக்கு வராது.

ஹைஃபனுக்குப் பதில் உண்மையான கழித்தல் குறியைப் போடுங்கள். வேர்டில் 2212 என்று டைப் செய்து உடனே Alt+X அழுத்தினால் − வந்துவிடும். அது "சில" அளவிலேயே ஒலிக்கும். சூத்திரங்களில் மட்டும் மாற்றுங்கள். ஃபைல் முழுக்க Find and Replace போட்டால் சொற்களுக்கு நடுவே உள்ள ஹைஃபனெல்லாம் மைனஸ் ஆகிவிடும். NVDA+P அழுத்தி அவனே அளவைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பாடம் முழுக்க அடைப்புக்குறி, மேற்கோள்குறி என்று கேட்டுக்கொண்டு யாராலும் ரிவிஷன் செய்ய முடியாது.

அடுத்தது அடுக்கு. Superscript பட்டனால் மேலே தூக்கிய 2, வழக்கமான அமைப்பில் வெறும் "x2" என்றே கேட்கும். ² என்ற தனிக் குறியைப் போடுங்கள், அல்லது "x ஸ்கொயர்" என்று எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு சூத்திரத்துக்கும் கீழே அதை வாயால் சொல்லும் வடிவத்தைத் தனி வரியில் தாருங்கள். அவன் வகுப்பில் ஆசிரியர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இருக்கட்டும். "ஒன் பை எஃப்" என்று கேட்டுப் பழகியவனுக்கு "எஃப்பின் தலைகீழி" என்று எழுதினால் அது புதுப் பாடம்.

> குவியத் தொலைவு f. பொருளின் தொலைவு u. பிம்பத்தின் தொலைவு v.
> 1 பை f, சமம், 1 பை v, மைனஸ், 1 பை u.

எழுத்துக்கு முன்னால் பெயரையும் எழுதியது சும்மா இல்லை. முதன்மைக் குவியம் பெரிய F, குவியத் தொலைவு சின்ன f. வரியாகப் படிக்கும்போது இரண்டும் ஒரே ஒலி. "குவியம் F", "குவியத் தொலைவு f" என்று எப்போதும் பெயரோடு எழுதினால் குழப்பம் தீரும். எழுத்தை "எஃப்" என்று தமிழில் மாற்ற வேண்டாம். அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாகப் போகும்போதும், பிரெய்ல் டிஸ்ப்ளேயில் தொடும்போதும் f என்றே கிடைக்க வேண்டும்.

நீண்ட பின்னமானால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இருபடிச் சூத்திரத்தைச் சும்மா வாசித்தால், வர்க்கமூலம் b ஸ்கொயரோடு முடிகிறதா 4ac வரை போகிறதா என்று தெரியாது:

> x சமம், பின்னம் தொடக்கம், மேலே: மைனஸ் b, பிளஸ் ஆர் மைனஸ், மூலம் தொடக்கம், b ஸ்கொயர் மைனஸ் 4 a c, மூலம் முடிவு. கீழே: 2 a. பின்னம் முடிவு.

இதைவிட நீளமானால் சொல்வடிவம் மட்டும் போதாது, அவனே உள்ளே போய்ப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். சூத்திரத்தை வேர்டில் Alt+= அழுத்தி சமன்பாடாக எழுதுங்கள். பிறகு pandoc என்ற கருவியைப் போட்டு, ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, இந்தக் கட்டளையால் வெப் பக்கமாக மாற்றுங்கள்:

```
pandoc notes.docx -s --mathml --extract-media=. -o notes.html
```

என்விடிஏவில் MathCAT ஆட்-ஆன் இருந்தால், பிரவுசரில் அந்தச் சமன்பாட்டில் நின்று NVDA+Alt+M அழுத்தி, அம்புக்குறியால் தொகுதி, பகுதி என்று நடந்து பார்க்கலாம்.

இனி படம். ஒளிக்கதிர் படத்தை வேர்ட் ஷேப்களால் வரைந்திருந்தால் ஒரே படமாக மாற்றி, In Line with Text வைத்து ஒட்டுங்கள். மிதக்கும் படம் வாசிக்கும் வரிசையில் சிக்காமலே போகலாம். Alt Text பெட்டியில் ஒரு வரி போதும்: "குவிலென்சு, பொருள் 2Fக்கு அப்பால். விளக்கம் கீழே." நீண்ட விளக்கத்தை அங்கே கொட்டினால் ஒரே மூச்சில் ஓடிவிடும், நடுவில் நிறுத்தி ஒரு வரியை மறுபடி கேட்பது கடினம். விளக்கம் பாடத்தின் உடலிலேயே, ஒரு வரிக்கு ஒரு செய்தியாக இருக்கட்டும்:

> முதன்மை அச்சு கிடைக்கோடு. லென்சு நடுவில் செங்குத்தாக நிற்கிறது. ஒளியியல் மையம் O.
> O-விலிருந்து இருபுறமும் 10 செ.மீ. தொலைவில் குவியம் F, 20 செ.மீ. தொலைவில் 2F.
> பொருள்: O-வுக்கு இடப்புறம் 30 செ.மீ., அச்சின் மேல் 4 செ.மீ. உயர அம்பு.
> கதிர் 1: அம்பின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போய், லென்சில் விலகி, வலப்புற F வழியே இறங்குகிறது.
> கதிர் 2: அதே நுனியிலிருந்து O வழியே திசை மாறாமல் போகிறது.
> இரண்டும் சந்திக்கும் இடம்: O-வுக்கு வலப்புறம் 15 செ.மீ., அச்சுக்குக் கீழே 2 செ.மீ.

எண்களைப் போட்டதால் அவனே சரிபார்க்க முடியும்: f = 10, u = −30 எனில் 1/v = 1/10 − 1/30 = 2/30, ஆக v = 15. உருப்பெருக்கம் 15/(−30), அதாவது −0.5, 4 செ.மீ. அம்பு 2 செ.மீ. தலைகீழ் பிம்பமாகிறது. "சிவப்புக் கோடு", "மேலே உள்ள படம்" போன்ற சொற்களால் அவனுக்குப் பயனில்லை. பயிற்சிக் கேள்விக்கான படமானால் கடைசி வரியை விட்டுவிடுங்கள், அதுதான் அவன் கண்டுபிடிக்க வேண்டிய விடை.

பழைய நோட்ஸ் பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் ஃபைலில் இருப்பது `jkpo;`, என்விடிஏ அதைத்தான் படிக்கும். மாற்றும்போது தமிழ்ப் பத்திகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொத்தமாகக் கன்வர்ட்டரில் போட்டால் லென்சு சூத்திரத்தின் எழுத்துகளே மாறிவிடும். பாமினியில் f என்பது க, v என்பது எ, u என்பது ர.

தலைப்புகளை போல்டு செய்து விடாமல் Ctrl+Alt+1, Ctrl+Alt+2 கொண்டு உண்மையான தலைப்பாக்குங்கள். அப்போதுதான் பிரவுஸ் மோடில் H அழுத்தித் தாவ முடியும்.

கொடுப்பதற்கு முன் உங்கள் கணினியிலும் என்விடிஏ போட்டு (இலவசம்தான்), கண்ணை மூடிக்கொண்டு கீழ் அம்புக்குறியால் ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். கேட்டதை வைத்துப் பேப்பரில் சூத்திரத்தை எழுதி, படத்தையும் வரைந்து, பிறகு கண்ணைத் திறந்து ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.