அட்வான்ஸ் தொகை ஏறிக்கொண்டே போனால்: முதலாளிகளின் கேள்விகளுக்குப் பதில்

ஈரோட்டில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்கள் கலெக்‌ஷன் பையனுக்குச் சம்பளம் 26,000. ஜூனில் 8,000 அட்வான்ஸ் வாங்கினார். அடுத்தடுத்த மாதங்களில் 10,000, 13,000, இப்போது 17,000 கேட்கிறார். ரம்மி ஆடுகிறார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

முதலில் அந்த எண்களையே பாருங்கள். ஒருவர் மருத்துவச் செலவுக்கு ஒரே ஒரு முறை 8,000 வாங்கி, அதை ஈடுகட்ட முடியாமல் போனால், அடுத்த மாதமும் அதே 8,000-ஐத்தான் கேட்பார். நீங்கள் பிடித்த பணத்தையே திரும்ப வாங்குகிறார், அவ்வளவுதான். தொகை அப்படியே நின்றால் பள்ளம் பழையது. உங்கள் கணக்கில் ஒவ்வொரு மாதமும் 2,000, 3,000, 4,000 என்று கூடுகிறது. அப்படியென்றால் பணம் இன்னும் எங்கோ ஒழுகுகிறது.

எங்கே ஒழுகுகிறது என்பதை இந்த எண்கள் சொல்லாது. கந்துவட்டியாக இருக்கலாம், ஏலச்சீட்டுத் தவணையாக இருக்கலாம், வீட்டில் தொடர்ந்து வைத்தியம் நடக்கலாம். அதனால் வேறு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று கவனியுங்கள். சம்பளம் ஏறிய இரண்டாம் நாளே சக ஊழியரிடம் 500, 1,000 கேட்கிறாரா? ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறாரா? கடன் செயலிக்காரர்கள் கடை எண்ணுக்கே கூப்பிடுகிறார்களா? ஒருநாள் எல்லாருக்கும் டீ, வடை வாங்கிக் கொடுத்துவிட்டு மறுநாள் யாரிடமும் பேசாமல் இருக்கிறாரா? வசூல் பார்க்கிறவர் ஒருநாள்கூட லீவு எடுக்க மறுப்பதும் கவனிக்க வேண்டியதுதான். தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் கணக்கு தெரிந்துவிடும் என்ற பயம் அதற்குக் காரணமாக இருக்கலாம். குடிக்கிறவரிடம் வாடை வரும். சூதாட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது, கையில் போன் மட்டும்தான் இருக்கும்.

இத்தனையும் சேர்ந்து வந்தாலும் உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை. அது மருத்துவர் செய்ய வேண்டியது. அவர் போனைப் பார்ப்பது, பின்னால் ஆள் அனுப்புவது, நண்பர்களிடம் விசாரிப்பது எதுவும் வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். "செப்டம்பர் 9, 25 நிமிடம் கவுண்டரில் இல்லை" என்று எழுதலாம். "சூதாடுகிறார்" என்று எழுதக்கூடாது. அது நீங்கள் பார்த்தது இல்லை.

அவரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது? அவமானப்படுத்துவதாக நினைத்து வேலையை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். அதனால் நேரத்தையும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சம்பள நாள் வேண்டாம், சனிக்கிழமை மாலையும் வேண்டாம். பேசிய கனத்தோடு அவர் இரவெல்லாம் தனியாக இருக்க நேரும். வாரத்தின் நடுவில் ஒரு காலைப்பொழுது, கதவு மூடும் அறை, நீங்கள் இருவர் மட்டும், பதினைந்து நிமிடம் போதும்.

ஒரு மில் சூப்பர்வைசர் பேசியதை அருகில் இருந்து கேட்டிருக்கிறேன். தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு இப்படித்தான் தொடங்கினார்: "தம்பி, நாலு மாசமா அட்வான்ஸ் ஏறிட்டே வருது. போன வாரம் ரெண்டு தடவை மெஷினை விட்டுட்டு வெளியே போயிட்டீங்க. உங்க வேலையில நான் இதுக்கு முன்னாடி குறை பார்த்ததில்ல. என்ன ஆச்சு?" அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. நிமிடக் கணக்கில் மௌனம். அந்த மௌனத்தைத் தாங்கியதுதான் அவர் செய்த பெரிய காரியம். நம்மில் பலர் அங்கேதான் "ரம்மியா?" என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சொன்ன பொய்யைக் காப்பாற்ற அவர் மேலும் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேலையில் என்ன மாற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஒரு சின்னத் தாளைக் கொடுங்கள். அதில் 14416 என்று எழுதியிருக்கட்டும். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், இரவும் பகலும் தமிழில் பேசலாம். கூடவே மருத்துவர்கள் முதல்கட்டமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளையும் எழுதலாம்: பணம் வைத்து ஆடும்போது தொகையைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்றியதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்று நெருங்கியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா? பதிலை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் தன்னையே கேட்டுக்கொள்ளத்தான் அது. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்வரலாம். அங்கே பேச்சு வழியிலான சிகிச்சைதான் முதன்மையாக இருக்கும். அதற்குப் பல வாரம் ஆகும். போய்வரும் நாட்களை மருத்துவ விடுப்பாகவே எழுதுங்கள். என்ன நோய் என்று சீட்டுக் கேட்காதீர்கள்.

கடனை நானே மொத்தமாக அடைத்துவிட்டு, சம்பளத்தை அவர் மனைவியிடம் கொடுத்தால் என்ன?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள், ஆனால் இரண்டுமே வேண்டாம். கையில் மொத்தப் பணம் வந்ததும் "விட்டதைப் பிடித்துவிடலாம்" என்ற எண்ணம்தான் முதலில் எழும். சூதாட்ட நோயின் மையமே அந்த எண்ணம்தான். உதவ வேண்டுமென்றால் பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்டுங்கள். பழைய அட்வான்ஸைச் சிறு தவணையாகப் பிடியுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது ஊதியச் சட்டம்.

சம்பளம் அவருடையது. வீட்டு வாடகையை நேரே அனுப்பச் சொல்லி அவரே எழுதிக் கேட்டால் செய்யலாம். நீங்களாக மனைவிக்குப் போன் போடாதீர்கள். மனைவியே கூப்பிட்டால் பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் ஊழியர் உங்களிடம் சொன்னதைச் சொல்ல வேண்டாம். 14416-ஐ மனைவிக்கும் கொடுக்கலாம். வீட்டாரும் அதில் பேசலாம்.

ஆன்லைன் ரம்மியைத்தான் தடை செய்துவிட்டார்களே?

2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதைத் தடை செய்தது. பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் வெளிநாட்டு பந்தயத் தளங்களும் கிரிக்கெட் பெட்டிங்கும் இன்னும் கைக்கு எட்டுகின்றன. ஆசை நின்றுவிடவில்லை.

கேஷில் 40,000 குறைகிறது. அவர்தான் எடுத்தார் என்று ஏறக்குறையத் தெரிகிறது. நோய் என்று விட்டுவிடுவதா?

விட வேண்டாம். நோய் வேறு, கணக்கு வேறு. ரசீதுகளை இன்னொருவரோடு சேர்ந்து சரிபாருங்கள், எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதோ, எல்லார் முன்னாலும் கத்துவதோ கூடாது. விசாரணை முடியும்வரை கேஷிலிருந்து மாற்றுங்கள். சம்பளம் குறையக்கூடாது. மாற்றிய காரணம் உங்களுக்கும் சம்பளம் போடுபவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இனிமேலுக்கு, கேஷ் தொடும் எல்லாருக்கும் ஒரே விதி வையுங்கள்: மாலையில் இருவர் சேர்ந்து எண்ணுவது, ஆண்டுக்கு ஒருமுறை கட்டாய விடுப்பு. வங்கிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை முன்னறிவிப்பில்லாமல் தொடர்ச்சியாக 10 வேலை நாள் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் ஒருவரைக் குறிவைத்ததாகத் தெரியாது.

அப்புறம், பிடிபட்ட அந்த இரவு. மிக ஆபத்தான நேரம் அதுதான். கடனும் அவமானமும் ஒன்றாக வந்து விழும்போது உயிரை விட நினைப்பவர்கள் உண்டு. "சாகணும்னு ஏதாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. "ஆமாம்" என்றாலோ, பதில் வராமல் தலையைக் குனிந்தாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். அங்கேயே 14416-ஐக் கூப்பிட்டுப் பேச வையுங்கள், யாரை வரச் சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள், அவர்கள் வரும்வரை கூடவே உட்காருங்கள். 40,000 பற்றிய கடிதத்தை மறுநாள் காலை கொடுக்கலாம்.