ஒற்றைத் தலைவலி இருந்தால் கருத்தடை மாத்திரை எடுக்கலாமா?

"எனக்கு 29 வயது. ஒற்றைத் தலைவலி உண்டு. கருத்தடை மாத்திரை எடுக்கலாமா?"

தலைவலிக்கு முன் கண்ணெதிரே நெளியும் ஒளிக்கோடுகள் மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்திற்குள் மறைகின்றனவா என்று முதலில் கவனியுங்கள், அதுவே 'ஆரா'. வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசுவது ஆரா ஆகாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவத் தகுதி அளவுகோல், தடையற்றதை 1 என்றும் கூடவே கூடாததை 4 என்றும் தரம் பிரிக்கிறது. ஆரா இருந்தால், பக்கவாத அபாயம் கூடுவதால், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு எந்த வயதிலும் 4. ஆரா இல்லையென்றால், உங்கள் வயதில் புதிதாகத் தொடங்க 2, அதாவது பொதுவாக எடுக்கலாம். காப்பர்-டிக்கு இரு நிலையிலும் 1.

ரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். 160/100-ஐ எட்டினாலோ, முன்பு காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ, அந்த மாத்திரைக்கு மீண்டும் 4தான். மாத்திரை எடுக்கும்போது ஆரா புதிதாகத் தோன்றினால், உடனே நிறுத்திவிட்டு, ஆணுறை போன்ற மாற்றுமுறையுடன் மருத்துவரைப் பாருங்கள்.