ஊசிப் பயம் இருக்கட்டும், அந்த மாலை நடுக்கம் என்ன?

கேள்வி: வயது 54. ஐந்து வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். போன முறை ரத்தம் எடுத்தபோது மயங்கி விழுந்துவிட்டேன். இதயம் பலவீனம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. எட்டு மாதமாக எந்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. தினமும் விரலில் குத்தி அலுத்துப்போய் அதையும் விட்டுவிட்டேன். விரல் மரத்துப்போகுமோ என்றும் பயம். ஒரு மூலிகைப் பொடி சேர்த்துச் சாப்பிடுகிறேன். சில நாள் மாலையில் கை நடுங்கி வியர்க்கிறது, ஏதாவது சாப்பிட்டால் சரியாகிறது. ஊசியே இல்லாமல் சமாளிக்க முடியாதா?

பதில்: போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மாலையில் நடுங்கி வியர்க்கிறது என்று, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு தள்ளிப்போனாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். சிறுநீரகம் மந்தமாகியிருந்தால் மருந்தின் வேகம் உடம்பில் அதிக நேரம் நிற்கும். எட்டு மாதமாகப் பார்க்காததால் உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இதற்கு மேல் என்ன கலந்திருக்கிறதென்றே தெரியாத ஒரு பொடி வேறு. அதை இன்றே நிறுத்துங்கள்.

அடுத்த முறை நடுங்கும்போது கருவியில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பக் குடியுங்கள். குத்திக்கொள்ளத் தைரியம் வரவில்லையா, பார்க்காமலே முதலில் குடியுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கூட இருப்பவர்கள் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாக மாற்றாமல், உங்கள் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்.

சரி, மயக்கத்துக்கு வருவோம். ஊசியைப் பார்த்ததும் விழுவது இதயம் பலவீனமானதால் அல்ல. முதலில் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, பிறகு இரண்டும் சட்டென்று சரிவதால் மூளைக்கு ரத்தம் குறைகிறது. மற்ற பயங்களில் இப்படி அழுத்தம் சரிவது அபூர்வம். ஆகவே 'மூச்சை இழுத்து உடம்பைத் தளர்த்து' என்ற அறிவுரை இங்கே எதிராகவே போகலாம். இறுக்குவதுதான் உதவும். கால், தொடை, வயிறு, ஊசி போடாத கை எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி, முகம் சூடாகும் வரை இறுக்குங்கள். பிறகு 20 முதல் 30 விநாடி சாதாரண நிலைக்கு வாருங்கள். இப்படி ஐந்து முறை. சில நாள் வீட்டில் பழகிவிட்டுப் போனால், அந்த நாற்காலியில் உட்காரும்போது உடம்பே செய்துவிடும். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். உள்ளே போனதுமே 'நான் மயங்குவேன், படுத்துக்கொண்டு எடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது தினமும் பார்க்கிற விஷயம். வலிதான் பயம் என்றால், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவிக்கொள்ளலாம்.

பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஊசிதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எண் கூடினால் திட்டு விழும் என்ற பயம்தான் பலரை நிறுத்துகிறது. பார்த்த எண்ணை வைத்து எதுவும் மாறாதபோது அலுப்பு வரத்தான் செய்யும். அந்த அலுப்பு நியாயமானது, குற்றம் இல்லை. தினமும் காலை வெறும் வயிற்றில் குத்திக்கொண்டிருப்பது உங்களுக்குத் தேவையும் இல்லை. நடுங்கும்போது பாருங்கள். அளவு மாற்றிய பிறகு சில வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், மாலையில் சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். இந்த எண்கள் மாத்திரை அளவைத் தீர்மானிக்க உதவும். ஆனால் வண்டி ஓட்டுகிறவரானால் கிளம்பும் முன்னும் பார்க்க வேண்டும்.

விரல் மரத்துப்போகாது. நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே வலி குறைவு. வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்து, கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் ரத்தம் எளிதாக வரும். ஊசியின் ஆழத்தைக் குறைந்த எண்ணில் தொடங்கி, ரத்தம் போதாவிட்டால் மட்டும் ஏற்றுங்கள். ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்தினால் முனை மழுங்கி வலி கூடும்.

ஆய்வகத்தில் ஒரே குத்தில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்துவிடலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க ஊசியே வேண்டாம். மூன்றையும் இந்த வாரமே செய்யுங்கள். அளவு மாற்றிய மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி இன்னொரு முறை, நிலையாக இருந்தால் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.