முதல் பாட்டிலேயே குத்து வேண்டாம்

"தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கும்வரை ஒரே மந்தமாக இருக்கிறது. குத்துப்பாட்டு போட்டால் எரிச்சல் வருகிறது, மெலடி போட்டால் தூக்கம் வருகிறது. பாட்டுகளை எப்படி அடுக்குவது?"

இரண்டுமே வேண்டும், வரிசைதான் முக்கியம். இசைச் சிகிச்சையில் இதற்கு ஐசோ கொள்கை என்று பெயர், 1940களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் சொன்னது. கேட்பவரின் மனநிலை எங்கே இருக்கிறதோ அங்கேயே இசையைத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

ஸ்டேஷனுக்கு நடப்பதையும் சேர்த்து 45 நிமிடத்துக்கு அடுக்குவோம். சினிமாப் பாட்டு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒன்பது பாட்டு. முதல் இரண்டும் நிமிடத்துக்கு 70 தாளத்தட்டு அளவில், குரல் முன்னால் நிற்க, வாத்தியம் குறைவாக இருக்கட்டும். சோகப் பாட்டு வேண்டாம், நிதானமான பாட்டு போதும். இந்த இரண்டையும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே கேட்டுவிடுங்கள், ரயில் இரைச்சலில் இவை அமுங்கிப்போகும், அப்புறம் நீங்கள் சத்தத்தைக் கூட்டி வைப்பீர்கள், அடுத்த பாட்டு காதில் அறையும். மூன்றிலிருந்து ஆறு வரை பாட்டுக்கு எட்டு பத்து தட்டு ஏறினால் போதும், 78, 86, 95, 104 என்று. ஏழும் எட்டும் 112, 120. உங்கள் குத்துப்பாட்டுக்கு இடம் இங்கேதான், அதற்குள் காது பழகியிருக்கும். கடைசிப் பாட்டை மறுபடி 100க்கு இறக்குங்கள், அலுவலகத்துக்குள் துள்ளிக்கொண்டு நுழைய வேண்டியதில்லையே.

தட்டை எண்ணுவது சுலபம்: பாட்டுக்கு இயல்பாகக் கால் தட்டுங்கள், 15 விநாடியில் எத்தனை என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள். செயலிகள் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், 70இல் போகும் பாட்டை 140 என்று இரட்டிப்பாகக் காட்டுவது அடிக்கடி நடக்கும்.

வேகம் சரியாக இருந்தும் சில பாட்டுகள் திடுக்கிட வைக்கும். பெரும்பாலும் தொடக்கம்தான் காரணம், தவிலோ டிரம்ஸோ முதல் நொடியிலேயே வெடிக்கும் பாட்டுகள் நம்மிடம் ஏராளம். அப்படிப்பட்ட பாட்டுக்கு முன் மெல்லக் கரைந்து முடியும் பாட்டை வைக்காதீர்கள், தாளத்தோடு முடியும் பாட்டை வையுங்கள். இன்னொன்று, 80களின் பதிவுகள் இன்றைய பாட்டுகளைவிடச் சத்தம் குறைவாகவே ஒலிக்கும். எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் வால்யூம் நார்மலைசேஷன் செயலியில் இருந்தால் போட்டுவிடுங்கள். ஷஃபிள் மட்டும் வேண்டவே வேண்டாம், இவ்வளவு அடுக்கியதும் வீண்.

ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். ஒரே பாட்டைத் தினமும் தாண்டிப்போகக் கை போகிறதென்றால் அதை உடனே நீக்காதீர்கள், அதற்கு முந்தின பாட்டை மாற்றிப் பாருங்கள். எனக்குப் பாதி நேரம் தவறு அங்கேதான் இருந்திருக்கிறது.