மெமரி கார்டை 'இன்டர்னல்' ஆக்கினால் சாவி எங்கே இருக்கும்?

கேள்வி: ராயக்கோட்டை தக்காளி மண்டியில் அப்பா எடை சீட்டை எல்லாம் போட்டோ எடுத்து வைப்பார். 32 ஜிபி போன், எப்பவும் 'ஸ்டோரேஜ் ஃபுல்'. 64 ஜிபி கார்டு வாங்கியாச்சு. கடையில் "இன்டர்னல்னு குடுங்க, போனே 96 ஜிபி ஆயிடும்" என்கிறார்கள். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீர்கள். போர்ட்டபிள் என்றே வையுங்கள். கடைக்காரர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை. அவர் சொன்னது பாதி சரி, மறுபாதி சொல்லாமல் விட்டது. அந்த மறுபாதியில்தான் அப்பாவின் சீட்டுகள் போகும்.

கார்டைப் போட்டதும் போன் கேட்கும் கேள்வி, ஆன்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப "Use as internal storage / Use as portable storage" என்றோ "Use for extra phone storage / Use for portable storage" என்றோ இருக்கும். 2015இல் வந்த ஆன்ட்ராய்டு 6இலிருந்து இது உண்டு. சாம்சங் உள்பட பல கம்பெனி போன்களில் இன்டர்னல் என்ற தெரிவே செட்டிங்ஸில் வராது. உங்கள் போனில் வருகிறது என்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போர்ட்டபிள் என்றால் கார்டு ஒரு பென்டிரைவ் மாதிரி. 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். கழற்றி வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ போட்டால் அப்படியே திறக்கும். பூட்டு எதுவும் கிடையாது.

இன்டர்னல் என்று கொடுத்தால் போன் முதலில் கார்டை முழுதாக அழிக்கும். பிறகு அதை இரண்டாகப் பிரிக்கும்: 16 எம்பிக்கு ஒரு சின்னத் துண்டு, மீதி முழுவதும் ஒரே துண்டு. அந்தப் பெரிய துண்டு முழுவதையும் என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 அல்லது எஃப்2எஃப்எஸ் முறையில் ஃபார்மேட் போடும். பூட்டைத் திறக்கும் சாவியை கார்டில் வைக்காது, போனின் சொந்த நினைவகத்தில், `/data/misc/vold` என்ற ஃபோல்டரில் வைக்கும். ரூட் செய்யாத போனில் அந்த இடத்தை நீங்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது, நகல் எடுக்கவும் முடியாது.

அதாவது பீரோ கார்டில், சாவி போனில். போன் போனால் பீரோவை உடைத்தும் திறக்க முடியாது. போன் போவது என்றால் திருட்டு மட்டும் இல்லை. மதர்போர்டு செத்தால் சாவி போச்சு. ஆன் ஆகாத போனைச் சர்வீஸுக்குக் கொடுத்து "சாஃப்ட்வேர் போட்டுத் தர்றோம்" என்று ரீசெட் அடித்தால் சாவி போச்சு. கார்டு அப்போதும் புதுசு மாதிரி நன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் 4,000 சீட்டு போட்டோவும் ஒரு பைட் குறையாமல் அங்கேயே இருக்கும், ஆனால் எந்த ரெக்கவரி மென்பொருளுக்கும் அது வெறும் குப்பை எழுத்து. டிஸ்ப்ளே மட்டும் உடைந்தால் பரவாயில்லை, டிஸ்ப்ளே மாற்றினால் சாவி பத்திரமாக இருக்கும்.

இந்தக் கார்டை வேறு போனில் போட்டால் "Unsupported SD card" என்று நோட்டிஃபிகேஷன் வந்து, தட்டினால் செட்டப் செய்யலாம் என்று சொல்லும். தட்டி உள்ளே போனால் அது ஃபார்மேட் போடும் வழி. கம்ப்யூட்டரில் போட்டால் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 16 எம்பி துண்டும் பக்கத்தில் பெயரில்லாத பெரிய துண்டும் தெரியும். விண்டோஸ் ஃபார்மேட் கேட்டால் 'வேண்டாம்' என்று மூடிவிட்டு, கார்டைப் பழைய போனிலேயே திரும்பப் போடுங்கள்.

"போர்ட்டபிள்தான் ஆபத்து, கார்டு தொலைந்தால் எவனும் பார்ப்பான்" என்று கீழே யாராவது கமென்ட் போடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது உண்மைதான். ஆதார், பாஸ்புக் போட்டோவைப் போர்ட்டபிள் கார்டில் வைக்காதீர்கள். ஆனால் தக்காளி எடை சீட்டைத் திருடி யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. அப்பாவுக்கு வரக்கூடிய நஷ்டம் மற்றவர் பார்ப்பதில் இல்லை, தானே பார்க்க முடியாமல் போவதில்தான்.

இப்போது 96 ஜிபி கணக்குக்கு வருவோம். இன்டர்னல் ஆக்கினாலும் இரண்டும் கலந்து ஒரே குளமாக ஆகாது. செட்டிங்ஸில் போனின் நினைவகம் தனி, கார்டு தனி என்றுதான் காட்டும். ஒவ்வொரு ஆப்பும் ஏதாவது ஒரு பக்கம்தான் உட்காரும். சில ஆப்கள், குறிப்பாக போனோடு வந்தவை, கார்டுக்கு நகரவே நகராது. போட்டோ, வீடியோ, டவுன்லோடு எல்லாம் கார்டுக்குப் போக வேண்டும் என்றால் "Migrate data" கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அவை மொத்தமாக கார்டுக்குப் போய்விடும். ஆனால் ஃபைல் மேனேஜரில் பாதை பழையபடி `/storage/emulated/0` என்றே தெரியும். போட்டோ போனில்தான் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது இதனால்தான்.

உங்கள் அப்பா போனை இப்படி வைத்துக்கொள்வோம்: சிஸ்டம் 12 ஜிபி, ஆப்கள் 6, வாட்ஸ்அப் 7, கேமரா போட்டோ 6. மொத்தம் 31, மிச்சம் 1. கார்டைப் போர்ட்டபிளாக வைத்து, கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை `SD card` என்று மாற்றி, பழைய போட்டோக்களை ஃபைல் மேனேஜரில் நகர்த்தினால் 6 ஜிபி உடனே விடுபடும். வாட்ஸ்அப் மட்டும் பிடிவாதம், அது கார்டில் சேமிக்காது. ஆகவே `Android/media/com.whatsapp/WhatsApp/Media` உள்ளே போய் `WhatsApp Video` ஃபோல்டரில் உள்ளதை மாதம் ஒரு தடவை கார்டுக்கு நகர்த்துங்கள். நகர்த்திய வீடியோ சாட்டுக்குள் திறக்காது, கேலரியில் திறக்கும். இன்டர்னல் + மைக்ரேட் என்றால் வாட்ஸ்அப்பும் சேர்ந்து 13 ஜிபி விடுபடும் என்பது வாஸ்தவம். வசதி அதில்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப் போனில் எடுத்து வைக்கும் லோக்கல் பேக்கப்பும் அதே பூட்டிய கார்டுக்குள் போய்விடும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கார்டின் ஆயுள். இன்டர்னல் கார்டில் ஆப்கள் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதிக்கொண்டே இருக்கும். 'கிளாஸ் 10' என்பது நொடிக்கு 10 எம்பி தொடர்ச்சியாக எழுதும் வேகம், வீடியோவுக்கான அளவு. ஆப் ஓட வேண்டுமென்றால் கார்டின் மேல் `A1` அல்லது `A2` என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். A1 என்றால் நொடிக்கு குறைந்தது 1500 சில்லறைப் படிப்பு, 500 சில்லறை எழுத்து. A2 என்றால் 4000, 2000. அந்தக் குறி இல்லாத கார்டை இன்டர்னல் ஆக்கும்போது போனே 'இந்தக் கார்டு மெதுவாக இருக்கிறது' என்று எச்சரிப்பதுண்டு. அதைத் தாண்டிப் போனவர்களின் போன் கொஞ்ச நாளில் ஆமை. ஆப் திறந்ததும் மூடிக்கொள்வது, கேலரியில் சாம்பல் கட்டங்கள் வருவது, ஆப் ஐகான் மங்கிப்போவது எல்லாம் கார்டு தேய்கிறது என்பதற்கு அறிகுறி.

இங்கே ஒரு புலம்பல். நம் பக்கத்தில், முக்கியமாக ஓசூர் எல்லையில், கர்நாடகா சிம் ஒன்று தமிழ்நாடு சிம் ஒன்று இல்லாமல் பிழைப்பு ஓடாது. போன் கம்பெனிக்காரர்கள் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே குழியை வைத்து, 'ஹைப்ரிட்' என்று பெயரும் சூட்டி விற்கிறார்கள். சிம் போட வேண்டுமென்றால் கார்டைக் கழற்ற வேண்டும். இன்டர்னல் ஆக்கிய கார்டைக் கழற்றினால் அதிலிருந்த ஆப் எல்லாம் காணாமல் போகும். திரும்பப் போட்டால் வந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் கார்டைக் காணவில்லை என்று வரும் நோட்டிஃபிகேஷனைத் தட்டினால் உள்ளே `Forget` என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் போன் சாவியைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு அதே கார்டை அதே போனில் போட்டாலும் திறக்காது.

கார்டு அசலா என்பதையும் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். 8 ஜிபி கார்டையே 64 என்று காட்டும்படி மாற்றி விற்பது நடக்கிறது. கம்ப்யூட்டரில் `H2testw` என்ற சின்ன மென்பொருளை ஓட்டினால் கார்டு நிறைய எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுத மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். போலிக் கார்டு போர்ட்டபிளாக இருந்தால் 8 ஜிபிக்கு மேல் வைத்த போட்டோக்கள் திறக்காமல் போகும். இன்டர்னலாக இருந்தால் ஃபைல் சிஸ்டமே சரிந்து, முன்பு நன்றாக இருந்ததும் சேர்ந்து போகும்.

பழைய 8 ஜிபி, 16 ஜிபி போனில் ஒரு ஆப்கூட ஏறவில்லை, உள்ளே இருப்பது தொலைந்தாலும் வருத்தப்படும்படி எதுவும் இல்லை என்றால் A1 கார்டு வாங்கி இன்டர்னல் ஆக்குவதில் தப்பில்லை. உங்கள் கதை அதுவல்ல.

ஒருவேளை கடைக்காரர் ஏற்கெனவே ஆக்கிக் கொடுத்துவிட்டிருந்தால்? உறுதிப்படுத்த, போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, வயரில் இணைத்து, `adb` என்ற ஆன்ட்ராய்டு கருவி உள்ள கம்ப்யூட்டரில்:

```
adb shell sm list-volumes all
```

`private:` என்ற வார்த்தைக்குப் பின் எண்கள் ஒட்டிய வரி இருந்தால் கார்டு பூட்டப்பட்டிருக்கிறது. `public:` என்ற வரியில் `1A2B-3C4D` மாதிரி எட்டு எழுத்து இருந்தால் அது போர்ட்டபிள்.

பூட்டியிருந்தால் வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் கார்டைக் கழற்றாமலே, போனை யுஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து போட்டோக்களை நகல் எடுங்கள். போன் ஓடும்போது பூட்டு திறந்தே இருக்கும், அதனால் சாதாரண போட்டோவாகவே வரும். நகல் திறக்கிறதா என்று பத்துப் போட்டோவையாவது கம்ப்யூட்டரில் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் ஒவ்வொரு ஆப்பாக எடுத்து `Storage` > `Change` கொடுத்து போனுக்குத் திருப்புங்கள். இடம் போதாது என்று மறுத்தால், நகல் எடுத்த வீடியோக்களைப் போனிலிருந்து அழித்துவிட்டு மறுபடி. அடுத்து போனின் சொந்த நினைவகத்துக்குள் போய் மூன்று புள்ளி மெனுவில் `Migrate data`. எல்லாம் முடிந்த பிறகுதான் கார்டின் மெனுவில் `Format as portable`.

கேமராவில் சேமிக்கும் இடத்தை மாற்றி ஒரே ஒரு சீட்டைப் படம் எடுங்கள். செட்டிங்ஸில் `Eject` கொடுத்துக் கார்டைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். அந்தச் சீட்டில் எத்தனை கிலோ என்று அங்கே படிக்க முடிந்தால், அப்பாவிடம் போனைக் கொடுக்கலாம்.