நிமிடம் மாறினால் கணக்கில் பிழை: செயின்ட் ஜான்ஸ் நேரத்தை நம் நேரமாக்குவது

கேள்வி: என் மகளுக்குக் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரக் கல்லூரி ஒன்றில் ஆன்லைன் நேர்காணல். மின்னஞ்சலில் "14 January 2026, 4:45 PM NST" என்று இருக்கிறது. ஏஜென்ட், "பத்தரை மணி நேர வித்தியாசம், அதிகாலை 3.15" என்கிறார். நான் 5.30, 3.30 இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 8.60 வருகிறது. எதை நம்புவது?

பதில்: ஜனவரி 15, அதிகாலை 1.45. ஏஜென்ட் சொன்ன 3.15க்கு உட்கார்ந்தால் நேர்காணல் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும்.

உங்கள் 8.60 தவறல்ல, பாதியில் நிற்கிறது. லண்டன் கிரீனிச்சை நடுவில் வைத்துப் பாருங்கள். நாம் அதற்குக் கிழக்கே 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். செயின்ட் ஜான்ஸ் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு, மின்னஞ்சலில் உள்ள NST என்ற அதன் நேரப்படி, மேற்கே 3 மணி 30 நிமிடம் பின்னால். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்பதால் கூட்டியது சரி. ஆனால் நிமிட வீட்டில் 60 வந்துவிட்டால் அது நிமிடம் இல்லை, ஒரு மணி. அதை எடுத்து மணி வீட்டில் போட்டால் 9 மணி, 0 நிமிடம். கால்குலேட்டருக்கு இது தெரியாது. அதற்கு 5.30 என்பது ஐந்தும் நூற்றில் முப்பதும்தான். கால்குலேட்டரில்தான் போடுவேன் என்றால் அரை மணியை .5 என்று எழுதுங்கள்: 5.5 + 3.5 = 9.

இப்போது நேர்காணல் நேரத்தை இரண்டு படியாக மாற்றிப் பார்ப்போம். முதலில் மாலை 4.45ஐ 16:45 என்று 24 மணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். நியூஃபவுண்ட்லாந்து பின்தங்கியிருப்பதால் கிரீனிச் நேரத்துக்கு வர 3:30ஐக் கூட்ட வேண்டும். நிமிடம் 45 + 30 = 75. அதில் 60ஐ ஒரு மணியாக மேலே அனுப்பினால் மிச்சம் 15. மணி 16 + 3 + 1 = 20. ஆக கிரீனிச்சில் 20:15. அடுத்து நம் 5:30ஐக் கூட்டினால் 25:45. மணி 24ஐத் தாண்டிவிட்டது. 24ஐக் கழித்துத் தேதியில் ஒன்றைக் கூட்டுங்கள்: 15ஆம் தேதி 01:45.

கவனியுங்கள். தொடங்கியதும் 45, முடிந்ததும் 45. இது தற்செயல் இல்லை. இரண்டு பக்கமும் அரை மணிக் கணக்கு என்றால் அரையும் அரையும் சேர்ந்து முழு மணியாகிவிடும். நடுவில் நிமிடம் 15 ஆகலாம், ஆனால் கடைசியில் பழைய இடத்துக்கே வந்தாக வேண்டும். ஏஜென்ட் 45ஐக் கொடுத்து 15ஐ வாங்கியிருக்கிறார். அங்கேயே அவர் கணக்கு விழுந்துவிட்டது.

அவருடைய பத்தரை மணி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. அது டொரொண்டோவின் குளிர்கால வித்தியாசம். "கனடா டைம்" என்று ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் அதையே ஒட்டும் வழக்கம் பல கன்சல்டன்சிகளில் இருக்கிறது. கனடா டைம் என்று ஒன்று கிடையவே கிடையாது, அந்த நாட்டுக்குள் ஆறு நேர மண்டலங்கள் இருக்கின்றன. இதே ஆட்கள்தான் தவறான நேரம் சொல்லி வாய்ப்பைக் கெடுத்துவிட்டு, "ஸ்லாட் மாற்றித் தருகிறேன்" என்று அதற்கும் கட்டணம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நேரத்தை மாற்றித் தருவது கல்லூரி அலுவலகம்தான், மகளே ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

தலைகீழாகப் போகும்போது கடன் வாங்க வேண்டியிருக்கும். நீங்கள் மார்ச் 1 காலை 6.10க்கு அந்த அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறீர்கள் என்று வையுங்கள். 6இலிருந்து 9 போகாது. முந்தின நாளிடம் 24 மணி கடன் வாங்கினால் 30:10. 9ஐக் கழித்தால் 21:10. கடன் வாங்கியதால் தேதி ஒன்று குறைந்து பிப்ரவரி 28, இரவு 9.10. லீப் ஆண்டாக இருந்தால் 29. யாரும் எடுக்க மாட்டார்கள்.

தொடங்கிய நிமிடமே முடிவிலும் வருகிறதா என்ற சோதனையில் சிக்காத தவறு ஒன்று உண்டு, அதுதான் என் பெரிய கவலை. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்தக் கோடைக்கணக்கு. 2026இல் அது மார்ச் 8இல் ஆரம்பம். அந்த மாதங்களில் நியூஃபவுண்ட்லாந்து கிரீனிச்சுக்கு 2:30தான் பின்னால். 5:30உடன் கூட்டினால் 7:60, அதாவது 8 மணி. நாம் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை என்பதால் நமக்கு இது உறைப்பதில்லை. மகள் சேர்ந்துவிட்டாள், ஞாயிறுதோறும் அவளுடைய காலை 9.30க்கு வீடியோவில் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். மார்ச் 1 வரை நமக்கு அது மாலை 6.30. மார்ச் 8 முதல் 5.30. இரண்டிலும் நிமிடம் 30தான், அதனால் சோதனை வாய் திறக்காது. இதே நேர்காணல் மே 20ஆம் தேதி 4:45 PM என்று வந்திருந்தால் 16:45 + 8:00 = 24:45, அதாவது மே 21 நள்ளிரவு தாண்டி 12.45. ஒன்பதைக் கூட்டியவர் ஒரு மணி நேரம் தாமதம்.

இதில் கல்லூரிகளும் சேர்ந்து குழப்புகின்றன. குளிர்கால நேரத்துக்கு NST, கோடைக்கு NDT என்று தனித்தனிக் குறி இருந்தும், ஜூலையிலும் பழக்கதோஷத்தில் NST என்றே அடித்து அனுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறோம், கிரீனிச் நேரத்தை UTC என்று குறித்து UTC-3:30 அல்லது UTC-2:30 என்று நாலு எழுத்து சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எழுத மாட்டார்கள். ஆகவே கோடைத் தேதியில் NST என்று பார்த்தால் ஊகிக்காமல் எது என்று திருப்பிக் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் பாருங்கள்: அதே மாகாணத்தின் லாப்ரடார் பகுதியில் பெரும்பாலான ஊர்கள் அரை மணிக் கணக்கில் இல்லை.

சரிபார்க்க, கைபேசியின் உலகக் கடிகாரத்தில் கனடா என்று தேடாமல் St. John's என்று ஊரைத் தேடிச் சேருங்கள். காலண்டரில் நேர மண்டலம் `America/St_Johns` என்று வைத்து 14ஆம் தேதி 16:45 போட்டால், நம் பக்கம் `Asia/Kolkata` தானே 15ஆம் தேதி 01:45 என்று காட்டும்.

தேதியில் இன்னொரு சறுக்கல் இருக்கிறது. "பதினைந்தாம் தேதி ராத்திரி" என்று வீட்டில் பேசிக்கொண்டால் பொங்கல் முடிந்த இரவில் கணினி முன் உட்காருவீர்கள். உங்கள் இரவு போகியன்று இரவு. சாப்பிட்டுப் படுத்துவிட்டு, 15ஆம் தேதி 1.15க்கு அலாரம் வையுங்கள். அரை மணியில் கேமரா, மைக் பார்த்துக்கொள்ளலாம்.